செல்சியஸுக்கு மாற்றினால் கெழுவும் திட்டப்பிழையும் என்ன ஆகும்?

கேள்வி: R-ல் இருக்கும் `airquality` தரவில் ஓசோனை வெப்பநிலையோடு பொருத்தினேன். வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கும், ஓசோனை பிபிபி-யிலிருந்து பிபிஎம்-க்கும் மாற்றி மறுபடி ஓட்டினேன். சாய்வும் அதன் திட்டப்பிழையும் மாறின, t மாறவில்லை, அது சரி. ஆனால் வெட்டுத்துண்டின் t மாறிவிட்டது. அலகை மாற்றினால் முடிவு மாறக்கூடாது என்றுதானே சொல்வார்கள்? எங்கே தவறு செய்தேன்? எது எத்தனை மடங்கு மாறும் என்று துல்லியமாகச் சொல்ல முடியுமா?

பதில்:

தவறு எதுவும் இல்லை. நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேறு காரியங்களைச் செய்திருக்கிறீர்கள். பிபிபி-யை ஆயிரத்தால் வகுத்தது வெறும் அளவு மாற்றம். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கியதில் அளவும் மாறியது, பூஜ்யம் இருக்கும் இடமும் நகர்ந்தது. அளவு மாற்றம் எந்த t-ஐயும் தொடாது. பூஜ்யத்தை நகர்த்துவதுதான் வெட்டுத்துண்டின் t-ஐ மாற்றுகிறது; மாற்றவும் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் பள்ளிக்கூட இயற்கணிதம்தான்.

முதலில் தரவைப் பற்றி ஒரு வரி. 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த தினசரி அளவுகள் இவை. ஓசோன் ரூஸ்வெல்ட் தீவில் பதிவானது, பகல் 1 மணி முதல் 3 மணி வரையிலான சராசரி, பிபிபி-யில். வெப்பநிலை லாகார்டியா விமான நிலையத்தில் பதிவான அன்றைய உச்சம், ஃபாரன்ஹீட்டில். மொத்தம் 153 நாட்கள். ஓசோன் பதிவாகாத 37 நாட்களைக் கழித்தால் 116 மிஞ்சும். அந்த 116 நாட்களில் வெப்பநிலை 57 முதல் 97 டிகிரி வரை போகிறது. இந்த வீச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

`lm(Ozone ~ Temp)` தரும் விடை இது:

```
              Estimate  Std. Error   t value
(Intercept)  -146.9955     18.2872    -8.038
Temp            2.4287      0.2331    10.418
```

சாய்விலிருந்து தொடங்குவோம். 2.4287 என்பது தனி எண் இல்லை. அதற்கும் ஒரு அலகு இருக்கிறது: ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு இத்தனை பிபிபி. "க்கு" என்று வந்தாலே அது வீதம். தங்கத்தின் விலையைக் கிராமுக்குச் சொல்வதும் பவுனுக்குச் சொல்வதும் போலத்தான்: பவுன் எட்டு கிராம், ஆகவே பவுன் விலை எட்டு மடங்கு பெரிய எண், தங்கம் ஒன்றும் கூடிவிடவில்லை. ஒரு செல்சியஸ் டிகிரி என்பது 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி அகலம். அதனால் சாய்வு 2.4287 × 1.8 = 4.3717 ஆகிறது. விளக்கும் மாறியின் அலகு பெரிதானால் கெழுவின் எண்ணும் பெரிதாகும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். செல்சியஸில் எழுதும்போது வெப்பநிலையின் எண்கள் சிறியவையாகிவிடுவதால் கெழுவும் சிறியதாக வேண்டும் என்று கை தானாக 1.8-ஆல் வகுக்கப் போகும். கெழுவின் அலகை வாய்விட்டுப் படித்தால் அந்தக் குழப்பம் வராது.

விளைவு மாறியின் பக்கம் கதை நேரானது. ஓசோனின் எண்களை ஆயிரத்தால் வகுத்தால் கெழுவும் ஆயிரத்தால் வகுபடும். இரண்டையும் சேர்த்துப் பொதுவாக எழுதினால் இப்படி:

```
y* = c·y + d
x* = k·x + m

b*     = (c/k) · b
SE(b*) = |c/k| · SE(b)
a*     = c·a + d − b*·m
```

உங்கள் விஷயத்தில் c = 1/1000, d = 0, k = 1/1.8, m = −32/1.8. சாய்வில் `d`-யும் `m`-மும் எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பூஜ்யத்தை எங்கே வைத்தாலும் சாய்வுக்குக் கவலையில்லை; இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே அது பார்க்கிறது. `k` எதிர்மறையாக இருந்தால், உதாரணமாக வெப்பநிலைக்குப் பதில் "40 டிகிரிக்கு எத்தனை டிகிரி குறைவு" என்ற எண்ணை வைத்தால், கெழுவின் குறி புரளும், t-யின் குறியும் புரளும். திட்டப்பிழை நேர்மறையாகவே நிற்கும்.

திட்டப்பிழை ஏன் அதே மடங்கில் மாறுகிறது? ஒரே ஒரு விளக்கும் மாறி உள்ள மாதிரியில் அதன் சூத்திரம் இது:

```
SE(b) = s / √Σ(x − x̄)²
```

மேலே இருக்கும் `s` எச்சங்களின் திட்டப்பிழை, இங்கே 23.71 பிபிபி. ஓசோனை `c`-யால் பெருக்கினால் எச்சங்கள் ஒவ்வொன்றும் `c`-யால் பெருகும், `s`-உம் அப்படியே. கீழே இருப்பது வெப்பநிலையின் பரவல். அது `|k|` மடங்கு மாறும். ஆக மொத்தம் |c/k|. கெழுவும் அதே மடங்கு மாறுவதால் வகுத்துக் கிடைக்கும் t-யில் அது அடிபட்டுப் போகிறது. இது தோராயமோ பெரிய மாதிரிகளுக்கு மட்டும் பொருந்தும் உண்மையோ அல்ல, துல்லியமான சமன்பாடு. செல்சியஸில், பிபிபி-யில் திட்டப்பிழை 0.2331 × 1.8 = 0.4196. பிபிஎம்-க்கும் மாற்றினால் சாய்வு 0.0043717, திட்டப்பிழை 0.0004196. t அதே 10.418, p-யும் அதுவே. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகளும் இதே மடங்கில் நகரும்: ஃபாரன்ஹீட்டுக்கு 1.97 முதல் 2.89 வரை என்றிருந்தது செல்சியஸுக்கு 3.54 முதல் 5.20 வரை ஆகும்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, வெட்டுத்துண்டு.

−146.9955 என்பது வெப்பநிலை பூஜ்யம் ஃபாரன்ஹீட்டாக இருக்கும் நாளில் மாதிரி கணிக்கும் ஓசோன். செல்சியஸுக்கு மாற்றியதும் வெட்டுத்துண்டு கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது: பூஜ்யம் செல்சியஸில், அதாவது 32 ஃபாரன்ஹீட்டில், ஓசோன் எவ்வளவு? கோடு அதே கோடுதான். அதன்மேல் 32 டிகிரி நகர்ந்து படிக்கிறோம்:

```
−146.9955 + 32 × 2.4287 = −69.2771
```

இரண்டு வேறு இடங்களில் கோட்டின் உயரம் என்ன என்று கேட்டால் இரண்டு வேறு விடைகள் வருவதும், அவற்றின் நிச்சயமின்மை வேறாக இருப்பதும் இயல்புதானே. கோட்டின்மேல் `x0` என்ற இடத்தில் உயரத்தின் திட்டப்பிழை இது:

```
SE(x0) = √( s²/n + (x0 − x̄)² · SE(b)² )
```

இதில் இரண்டு பகுதிகள். முதலாவது, தரவின் நடுவில் கோடு எவ்வளவு மேலே கீழே இருக்கலாம் என்ற சந்தேகம். இரண்டாவது, சாய்வு சற்றே தப்பினால் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக அந்தத் தப்பு எவ்வளவு பெருகும் என்பது. நம் 116 நாட்களின் சராசரி வெப்பநிலை 77.87 ஃபாரன்ஹீட். பூஜ்யம் ஃபாரன்ஹீட் அங்கிருந்து 77.87 டிகிரி தள்ளி இருக்கிறது. பூஜ்யம் செல்சியஸோ 45.87 ஃபாரன்ஹீட் டிகிரிதான் தள்ளி இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: s²/n என்பது 23.71² / 116, அதாவது ஏறத்தாழ 4.85. இரண்டாம் பகுதி 45.87² × 0.2331², ஏறத்தாழ 114.3. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10.92. ஆக t ஏறத்தாழ −6.3. ஃபாரன்ஹீட்டில் −8.038 ஆக இருந்தது இதனால்தான் மாறியது. பிறகு ஓசோனை ஆயிரத்தால் வகுக்கும்போது −69.28 என்பது −0.0693 ஆகும், 10.92 என்பது 0.0109 ஆகும், t அங்கேயே நிற்கும். நீங்கள் பார்த்த மாற்றம் முழுவதும் 32-ஐக் கழித்ததால் வந்தது, 1.8-க்கும் 1000-க்கும் அதில் பங்கில்லை.

திட்டப்பிழை 18.29-லிருந்து 10.92-க்குக் குறைந்துவிட்டது என்பதால் செல்சியஸ் மாதிரி துல்லியமானது என்று நினைக்க வேண்டாம். கேள்வி கேட்கும் இடம் தரவுக்கு அருகில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை இன்னும் தள்ளிப் பார்க்கலாம். வெப்பநிலையிலிருந்து 77.87-ஐக் கழித்துவிட்டு ஓட்டுங்கள். வெட்டுத்துண்டு 42.13 ஆகும், அது ஓசோனின் சராசரியேதான். திட்டப்பிழை 23.71/√116 = 2.20 ஆகச் சுருங்கும். t 19-ஐத் தாண்டும். இதற்கு நேரெதிராக 60.5-ஐக் கழித்து ஓட்டினால் வெட்டுத்துண்டு ஏறக்குறைய பூஜ்யம், t-யும் பூஜ்யம், p ஏறக்குறைய 1. கோடு கிடைமட்ட அச்சை அங்கேதான் வெட்டுகிறது. அதே தரவு, அதே கோடு, அதே எச்சங்கள். வெட்டுத்துண்டின் p-யை மட்டும் நாம் வேண்டியபடி ஆட்ட முடிகிறது. வெட்டுத்துண்டின் பக்கத்தில் R போடும் நட்சத்திரங்களை நான் பெரும்பாலும் படிப்பதே இல்லை. பூஜ்யம் என்ற இடம் அர்த்தமுள்ளதாக இருந்தால் மட்டுமே அது ஒரு கேள்வி. இங்கே இரண்டு பூஜ்யங்களுமே 57 முதல் 97 வரையிலான வீச்சுக்கு வெளியே இருக்கின்றன. ஓசோன் எதிர்மறையாக இருக்கவும் முடியாது. கோடு 60.5-க்குக் கீழே எதிர்மறை ஓசோனைக் கணிப்பது, இந்த வீச்சின் கீழ்முனையில் நேர்கோடு சரியான வடிவம் இல்லை என்பதற்கு அடையாளம். அது அலகு மாற்றத்தால் தீரும் நோய் அல்ல.

வெட்டுத்துண்டின் புதிய திட்டப்பிழையைப் பழைய விடையிலிருந்தே எடுக்க வேண்டுமானால் அச்சிட்ட அட்டவணை மட்டும் போதாது. வெட்டுத்துண்டுக்கும் சாய்வுக்கும் இடையிலான உடன்மாறுபாடு தேவை. அது `vcov`-இல் கிடைக்கும்:

```r
m1 <- lm(Ozone ~ Temp, airquality)
L  <- c(1, 32)
sum(L * coef(m1))
sqrt(drop(t(L) %*% vcov(m1) %*% L))
```

18.2872-ஐ எந்த ஓர் எண்ணால் பெருக்கியும் 10.92-ஐ முறையாக அடைய முடியாது என்பதுதான் இங்கே விஷயம். இரண்டு கெழுக்களின் திட்டப்பிழைகளை மட்டும் வைத்து வர்க்கங்களைக் கூட்டினாலும் தப்பான விடைதான் வரும், ஏனென்றால் இங்கே அந்த உடன்மாறுபாடு பெரிய எதிர்மறை எண்: சாய்வு கூடினால் வெட்டுத்துண்டு இறங்கும்.

பல விளக்கும் மாறிகள் இருந்தாலும் அடிப்படை இதுவே. ஒவ்வொரு மாறியின் அலகும் அதன் கெழுவை மட்டும் தொடும், மற்றவை அசையாது. `Ozone ~ Solar.R + Wind + Temp` என்று ஓட்டினால் எல்லா மாறிகளும் பதிவான 111 நாட்கள் மிஞ்சும். சூரியக் கதிர்வீச்சின் கெழு 0.05982, திட்டப்பிழை 0.02319, காற்றின் கெழு −3.33359, திட்டப்பிழை 0.65441, வெப்பநிலையின் கெழு 1.65209, திட்டப்பிழை 0.25353. இதைப் பார்த்ததும் "கதிர்வீச்சின் தாக்கம் மிகச் சிறியது, 0.06-தானே" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு இங்கே லாங்லியில் இருக்கிறது. ஒரு லாங்லி என்பது சதுர மீட்டருக்கு 0.04184 மெகாஜூல், மிகச் சிறிய அலகு. மெகாஜூலுக்கு மாற்றினால் கெழு 0.05982 / 0.04184 = 1.43 ஆகும், திட்டப்பிழை 0.554. t முன்பும் 2.58, இப்போதும் 2.58. 0.06 சிறியதாகத் தெரிந்தது லாங்லியின் வேலை. காற்றை மணிக்கு மைலிலிருந்து நொடிக்கு மீட்டராக்கினால் ஒரு மைல் வேகம் 0.44704 மீட்டர் வேகம் என்பதால் −3.334 என்பது −7.457 ஆகும், திட்டப்பிழை 1.464 ஆகும். இந்த மூன்று கெழுக்களில் எது பெரியது என்ற கேள்விக்கு அலகைச் சொல்லாமல் விடையே இல்லை.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான். வெட்டுத்துண்டு உள்ள மாதிரியில், மாறியை ஒரு மாறிலியால் பெருக்கி இன்னொரு மாறிலியைக் கூட்டுவதால் அந்த மாதிரி வரையக்கூடிய கோடுகளின் தொகுப்பு மாறுவதில்லை. பழைய அலகில் எந்தக் கோட்டை எழுத முடியுமோ அதைப் புதிய அலகிலும் எழுதலாம். ஆகவே குறைந்த வர்க்க முறை அதே கோட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். கணிப்புகள், R², F எல்லாம் அப்படியே இருக்கும். வெட்டுத்துண்டை நீக்கிவிட்டு `Ozone ~ 0 + Temp` என்று ஓட்டினால் இந்த உத்தரவாதம் போய்விடும். அந்த மாதிரி கோட்டைப் பூஜ்யத்தின் வழியாகப் போகச் சொல்கிறது. பூஜ்யம் ஃபாரன்ஹீட் வழியாகப் போகும் கோடும் பூஜ்யம் செல்சியஸ் வழியாகப் போகும் கோடும் வேறு வேறு கோடுகள். அங்கே செல்சியஸுக்கு மாற்றுவது அலகு மாற்றமே இல்லை, மாதிரி மாற்றம். சாய்வின் t-யும் மாறும், கணிப்புகளும் மாறும்.

பூஜ்யத்தை நகர்த்துவதன் விளைவு வெட்டுத்துண்டோடு நிற்காத இடங்களும் உண்டு. வெப்பநிலையின் வர்க்கத்தைச் சேர்த்தாலோ, வெப்பநிலையையும் காற்றையும் பெருக்கிய உறுப்பைச் சேர்த்தாலோ, 32 உள்ளே கசிந்துவிடும். ஃபாரன்ஹீட்டுக்குப் பதில் 32 + 1.8z என்று வைத்து விரித்தால் தெரியும்:

```
வர்க்க மாதிரி:
  b2* = 3.24 · b2
  b1* = 1.8 · (b1 + 64·b2)

பெருக்கல் உறுப்புள்ள மாதிரி:
  b_tw* = 1.8 · b_tw
  b_t*  = 1.8 · b_t
  b_w*  = b_w + 32 · b_tw
```

வர்க்க உறுப்பின் t மாறாது, பெருக்கல் உறுப்பின் t-யும் மாறாது. மிக உயர்ந்த படிக்கு எப்போதும் பாதுகாப்பு உண்டு. ஆனால் கீழ்ப்படியில் இருப்பவை ஆடும். காற்றை நாம் தொடவே இல்லை, வெப்பநிலையை மட்டும்தான் மாற்றினோம். இருந்தும் காற்றின் கெழு மாறுகிறது, குறிகூடப் புரளலாம். காரணம் வெட்டுத்துண்டுக்குச் சொன்னதே: பெருக்கல் உறுப்பு உள்ள மாதிரியில் காற்றின் கெழு என்பது "வெப்பநிலை பூஜ்யமாக இருக்கும்போது காற்றின் விளைவு". பூஜ்யம் நகர்ந்தால் கேள்வி நகரும். வெப்பநிலையிலிருந்து சராசரியைக் கழித்துவிட்டால் அந்தக் கெழு சராசரி வெப்பமுள்ள நாளில் காற்றின் விளைவு ஆகும். அதையாவது ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முடியும்.

மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். `log(Ozone)`-ஐப் பொருத்தும்போது பிபிஎம்-க்கு மாற்றினால் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் log 1000, அதாவது 6.908, கழிகிறது. சாய்வும் அதன் திட்டப்பிழையும் இம்மிகூட மாறாது; வெட்டுத்துண்டு மட்டும் 6.908 இறங்கும், அதன் திட்டப்பிழை அப்படியே இருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய பொறி `log(y + 1)`. பூஜ்யங்கள் இருக்கும் தரவில் பலர் யோசிக்காமல் போடுவது. அந்த 1-க்கும் அலகு உண்டு: பிபிபி-யில் அது 1 பிபிபி, பிபிஎம்-ல் அது 1000 பிபிபி. சராசரி ஓசோன் 42 பிபிபி, அதாவது 0.042 பிபிஎம், log(1.042) என்பது 0.041. மடக்கை எடுத்ததாகப் பெயர், ஆனால் எண்கள் ஏறக்குறைய மடக்கை எடுக்காதது போலவே இருக்கின்றன. அலகை மாற்றியதும் மாதிரியின் வடிவமே மாறிவிட்டது. அதேபோல் வெப்பநிலையின் மடக்கையை ஃபாரன்ஹீட்டில் எடுப்பதும் செல்சியஸில் எடுப்பதும் இரண்டு வேறு மாதிரிகள், ஏனென்றால் ஒன்று மற்றொன்றின் வெறும் மடங்கு இல்லை.

அலகு மாற்றம் போல வேடமிட்டு வரும் இன்னொன்று, காலனுக்கு இத்தனை மைல் என்ற மைலேஜை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று மாற்றுவது. அமெரிக்க காலனில் அது 235.2-ஐ மைலேஜால் வகுப்பது. இது தலைகீழ், நேர்கோட்டு மாற்றம் அல்ல. மேலே கொடுத்த சூத்திரம் எதுவும் இங்கே செல்லாது.

ஓசோனிலேயே இதைவிட நுட்பமான ஒரு வழுக்கல் இருக்கிறது. பிபிபி-யைக் கனமீட்டருக்கு மைக்ரோகிராமாக மாற்றும்போது 25 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம் என்று நிலையாக வைத்துக்கொண்டால் பெருக்கும் எண் 1.96. எல்லா வரிசைக்கும் ஒரே எண் என்பதால் இது சுத்தமான அலகு மாற்றம். யாராவது அக்கறையோடு அந்தந்த நாளின் வெப்பநிலையை வைத்தே மாற்றினால் என்ன ஆகும்? 14 டிகிரி நாளில் பெருக்கும் எண் 2.04, 36 டிகிரி நாளில் 1.89. பெருக்கும் எண்ணே விளக்கும் மாறியோடு சேர்ந்து இறங்குகிறது. வெப்பமான நாட்களின் ஓசோன் சற்று குறைத்துக் காட்டப்படும், சாய்வு 1.96 மடங்காக வராது, t-யும் R²-உம் நகரும். பௌதிகத்தின் பார்வையில் அந்த மாற்றம் தவறில்லை. ஆனால் அது வேறொரு விளைவு மாறி.

சாய்வின் t மாறிவிட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க நான் பார்க்கும் வரிசை இது. முதலில் இரண்டு மாதிரிகளிலும் எத்தனை வரிசைகள் பயன்பட்டன என்று பார்ப்பேன். மாற்றும் வழியில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தால் அது இங்கே தெரிந்துவிடும். பிறகு புதிய மாறிக்கும் பழைய மாறிக்கும் இடையே ஒட்டுறவு சரியாக 1 அல்லது −1 தானா என்று பார்ப்பேன். 0.9985 என்று வந்தால் யாரோ செல்சியஸை முழு எண்ணாக முழுமையாக்கியிருப்பார்கள், t மூன்றாம் நான்காம் இலக்கத்தில் ஆடியிருக்கும். அதைவிடக் குறைவாக வந்தால் வரிசைக்கு வரிசை மாறும் பெருக்கும் எண் அல்லது தலைகீழ் மாற்றம். கடைசியில் கணிப்புகளை நேரடியாக ஒப்பிடலாம்:

```r
aq <- na.omit(airquality[, c("Ozone", "Temp")])
aq$C   <- (aq$Temp - 32) / 1.8
aq$ppm <- aq$Ozone / 1000
m1 <- lm(Ozone ~ Temp, aq)
m2 <- lm(ppm ~ C, aq)
all.equal(fitted(m1) / 1000, fitted(m2))
```

`TRUE` வந்தால் இரண்டும் ஒரே கோடு.

t-யும் R²-உம் மாறாதபோதும் மாறும் எண்கள் சில உண்டு. எச்சங்களின் திட்டப்பிழை 23.71-லிருந்து 0.02371 ஆகும். AIC அதைவிட அதிகமாக ஏமாற்றும். விளைவு மாறியை `c`-யால் பெருக்கினால் மடக்கை நிகழ்தகவு n·log c அளவுக்கு இறங்கும்; `c` ஒன்றைவிடச் சிறியதானால் log c எதிர்மறை, ஆகவே அது ஏறும், AIC குறையும். நம் 116 நாட்களில் பிபிஎம்-க்கு மாற்றியதும் AIC சுமார் 1603 குறையும். பிபிபி மாதிரியின் AIC-யையும் பிபிஎம் மாதிரியின் AIC-யையும் அருகருகே வைத்தால் பிபிஎம் அபாரமாக வென்றது போலத் தோன்றும். இரண்டும் ஒரே கோடு. விளக்கும் மாறியின் அலகை மட்டும் மாற்றினால் AIC அசையாது. ரிட்ஜ், லாஸோ முறைகளிலோ இந்த மாறாத்தன்மை எதுவும் கிடையாது. கெழுவின் எண்ணளவுக்கே தண்டனை விதிப்பவை என்பதால் லாங்லியா மெகாஜூலா என்பது முடிவையே மாற்றும்.

அறிக்கையில் எந்த அலகு என்பது கடைசியில் அச்சுப் பிரச்சினை. பிபிஎம்-ல் மூன்று தசம இடங்களோடு அட்டவணை போட்டால் சாய்வு 0.004 என்றும் திட்டப்பிழை 0.000 என்றும் அச்சாகும். அதிலிருந்து யாரும் t-யை மீட்க முடியாது. பிபிபி-யில், பத்து செல்சியஸ் டிகிரிக்கு என்று எழுதினால் 43.7, திட்டப்பிழை 4.2. நான் இதைத்தான் போடுவேன். 14 முதல் 36 டிகிரி வரை போகும் தரவில் பத்து டிகிரி வித்தியாசம் உண்மையிலேயே நடக்கும் வித்தியாசம்.